கடைசி மதிப்பீட்டிலிருந்து முதல் பாடவேளைக்கு: ஏழாம் வகுப்பு மின்சுற்று அலகை எப்படித் திட்டமிடுவது?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். மின்சுற்று அலகுக்கு 40 நிமிடப் பாடவேளைகள் பத்துதான் கிடைக்கும்.

சென்ற ஆண்டு புத்தக வரிசைப்படியே நடத்தினேன். சின்னங்களை வரையச் செய்தேன், மின்கல வகைகளுக்கு ஒரு விளக்கப்படம் ஒட்டினேன், கடைசியில் அட்டைப்பெட்டி வீட்டுக்கு விளக்குப் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். தேர்வில் தொடரிணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகவே எழுதினார்கள். அலகு முடிந்த மறுவாரம், ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரில் வரைந்து காட்டி, எது கூடுதலாக எரியும் என்று கேட்டேன். பாதிக்கும் மேற்பட்டவர்கள், மின்கலத்தின் நேர்முனைக்கு அருகில் இருப்பதுதான் என்றார்கள். "முதல் பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொள்ளும் டீச்சர், மிச்சம்தானே அடுத்ததற்குப் போகும்" என்று ஒரு பெண் சொன்னாள். வேறுபாட்டு அட்டவணையில் முழு மதிப்பெண் வாங்கியவள் அவள்.

அதனால் இந்த முறை இறுதி மதிப்பீட்டை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து ஒவ்வொரு நாள் செயல்பாட்டையும் அமைக்க நினைத்தேன். தேவை என்று பட்டதையெல்லாம் எழுதிப் பார்த்தால் பதினான்கு பாடவேளைகள் ஆகின்றன. எதை விடுவது, எதை வைப்பது என்று தெரியவில்லை. இப்படித் திட்டமிட்ட அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

தேர்வறை

இதில் புதிதாக ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை, டீச்சர். பழைய வினாத்தாள்களைப் பார்த்து எந்தப் பகுதியிலிருந்து எத்தனை மதிப்பெண் வருகிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பாடவேளைகளைப் பிரித்துக்கொள்வதைத்தான் இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். முடிவை முதலில் பார்ப்பது என்றால் அதுதானே? தொகுத்தறி மதிப்பீட்டின் 60 மதிப்பெண்ணில் இந்த அலகுக்கு என்ன பங்கு என்று பாருங்கள். பதினான்கு தானாகவே எட்டாகிவிடும்.

பயிற்றுநர்

ஆசிரியர் பயிற்சியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முடிவிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேர்வறை ஐயா சொல்வது சரி. எந்த முடிவு என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. வினாத்தாளிலிருந்து பின்னோக்கி வந்தால், வினாத்தாள் கேட்பது வகுப்புக்குள் வரும். கரும்பலகை டீச்சரின் மாணவி அந்த வினாத்தாளில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், ஆனால் மின்னோட்டம் வழியில் தீர்ந்துபோகும் என்றே நம்புகிறாள். வினாத்தாளுக்கு அவள் நம்பிக்கை தெரியவே இல்லை. அதிலிருந்து பின்னோக்கி வரும் திட்டத்துக்கும் தெரியப்போவதில்லை.

கிரான்ட் விக்கின்ஸ், ஜே மக்டைக் ஆகிய இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1998இல் இந்த முறையை விரிவாக முன்வைத்தபோது மூன்று படிகளைச் சொன்னார்கள். பிள்ளை எதைப் புரிந்துகொள்ள வேண்டும், புரிந்தது என்பதற்கு எது சான்று, அந்தச் சான்றைத் தரும் நிலைக்கு அவளைக் கொண்டுவரும் அனுபவங்கள் எவை. இரண்டாவது படியில்தான் பெரும்பாலான திட்டங்கள் நழுவுகின்றன. ஆகவே, டீச்சர், உங்கள் இறுதிப் பணியை, பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பீர்களோ அப்படியே சொல் மாறாமல் இங்கே இடுங்கள். பதினான்கைப் பத்தாக்குவதைப் பிறகு பார்ப்போம்.

கரும்பலகை

நன்றி ஐயா. பணி இதுதான்: "இரண்டு அறைகள் உள்ள மாதிரி வீடு ஒன்றைச் செய்து, ஓர் அறையின் விளக்கை அணைத்தாலும் மற்ற அறையின் விளக்கு எரியுமாறு மின்சுற்று அமைக்கவும். நீங்கள் பயன்படுத்திய இணைப்பின் பெயரையும் காரணத்தையும் ஐந்து வரிகளில் எழுதவும்."

பயிற்றுநர்

எந்த இறுதிப் பணியையும் நான் இரண்டு கேள்விகளால் சோதிப்பேன். புரியாத பிள்ளை இதை நன்றாகச் செய்துவிட முடியுமா? புரிந்த பிள்ளை இதில் தோற்றுப்போக வாய்ப்புண்டா? உங்கள் பணியில் இரண்டுக்குமே ஆம் என்றுதான் பதில் வருகிறது. வீட்டில் அண்ணனோ அப்பாவோ கம்பியை முறுக்கிக் கொடுத்துவிடலாம். "பக்க இணைப்பு, ஒன்று அணைந்தாலும் மற்றது எரியும்" என்ற புத்தக வரியை எழுதினால் காரணமும் ஆகிவிடும். மறுபுறம், மின்சுற்று நன்றாகத் தெரிந்த ஒரு பெண்ணின் அட்டை சரியாக ஒட்டாமல், கம்பி தளர்ந்து, விளக்கு எரியாமல் போகலாம். நாம் அளக்க நினைத்தது மின்சுற்றுப் புரிதல். இந்தப் பணி அளப்பது கைவினையையும் வீட்டில் கிடைக்கும் உதவியையும்.

மாற்றாக ஒன்று சொல்கிறேன். மூடிய அட்டைப்பெட்டிகளுக்குள் கம்பிகளை மறைத்துவிடுங்கள். பல்புகள் மட்டும் மேலே தெரியட்டும். அ பெட்டியில் இரண்டு பல்புகள் தொடரில், ஆ பெட்டியில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். பிள்ளைகள் பல்புகளைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம், பெட்டியைத் திறக்கக்கூடாது. உள்ளே கம்பி எப்படி ஓடுகிறது என்று வரைந்து, அப்படித்தான் இருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதையும் எழுத வேண்டும்.

இந்த இரண்டோடு நிறுத்தினால், மனப்பாட வரியை வைத்தே தப்பிவிடுவார்கள். அதனால் இ பெட்டி ஒன்று வேண்டும். அதில் மூன்று பல்புகள். முதலாவது தொடரில் இருக்கும், அதை அடுத்த இரண்டும் தமக்குள் பக்க இணைப்பில் இருக்கும். முதல் பல்பைக் கழற்றினால் எல்லாம் அணையும். இரண்டாவதைக் கழற்றினால் மற்ற இரண்டும் எரிந்துகொண்டே இருக்கும், மூன்றாவது முன்பைவிடக் கூடுதலாக எரியும், முதலாவது சற்று மங்கும். "ஒன்று அணைந்தால் எல்லாம் அணையும்" என்ற வரியும் "மற்றது எரியும்" என்ற வரியும் ஒரே பெட்டியில் மோதிக்கொள்ளும்போது, மின்னோட்டம் எந்த வழியாகப் போகிறது என்று யோசித்தால்தான் வரைய முடியும். இந்தப் பெட்டியை அலகு நடக்கும்போது ஒருமுறைகூடக் காட்டிவிடாதீர்கள்.

எழுத்துப் பகுதிக்கு உங்கள் மாணவி சொன்னதையே வினாவாக்குங்கள்: "முதல் பல்பு கரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்பும் என்கிறான் உன் நண்பன். அம்மீட்டரைச் சுற்றில் எந்த மூன்று இடங்களில் வைத்தால் இது சரியா தவறா என்று தெரியும்? ஒவ்வோர் இடத்திலும் என்ன அளவு வரும் என்று எதிர்பார்க்கிறாய்?"

பணியை எழுதி முடித்தவுடன் மூன்று விடைகளை நீங்களே எழுதிப் பாருங்கள்: நன்றாகப் புரிந்த பிள்ளை எழுதுவது, பாதி புரிந்த பிள்ளை எழுதுவது, மனப்பாடம் மட்டும் செய்த பிள்ளை எழுதுவது. உங்கள் மதிப்பெண் அளவுகோலில் மூன்றாவது விடைக்குப் பாதிக்கு மேல் கிடைத்தால், அளவுகோலைத் திருத்துங்கள். பாடத்தைத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

மலையடிவாரம்

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பின்னோக்கி என்றால் கடைசிப் பாடத்தை முதலில் நடத்துவது என்று நினைத்து, ஒருமுறை பின்னங்களில் கழித்தலை முடித்துவிட்டுக் கூட்டலுக்கு வந்தேன். பிள்ளைகள் மிகவும் குழம்பிவிட்டார்கள். இங்கேயும் பக்க இணைப்பை முதலில் நடத்தச் சொல்கிறீர்களா?

பயிற்றுநர்

இல்லை, அம்மா. திட்டமிடுபவர் மட்டும்தான் பின்னிருந்து வருகிறார். வகுப்பு எப்போதும் போல எளியதிலிருந்துதான் முன்னேறும்.

கரும்பலகை

பெட்டிப் பணியை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்னபடி மூன்று விடைகளையும் எழுதிப் பார்த்தேன், ஐயா. மனப்பாட விடைக்கு என் அளவுகோலில் 10க்கு 7 வந்தது. இணைப்பின் பெயருக்கும் சின்னங்களுக்கும் படத்தின் நேர்த்திக்கும் அவ்வளவு கொடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் நீங்கள் சொன்னது முழுமையாக உறைத்தது. இனி இங்கிருந்து பாடவேளைகளுக்கு எப்படி வருவது?

பயிற்றுநர்

இ பெட்டியின் முன்னால் ஒரு பிள்ளை நிற்பதாக நினைத்துக்கொண்டு, எங்கே தடுமாறுவாள் என்று கேட்டுக்கொண்டே பின்னால் வாருங்கள். கிளை பிரியும் இடத்தில் மின்னோட்டமும் பிரிகிறது என்று தெரியாவிட்டால் வரைய முடியாது. அதைப் புரிந்துகொள்ள, பிரியாத ஒற்றைப் பாதையில் மின்னோட்டம் எங்கும் ஒரே அளவு என்பது முதலில் தெரிய வேண்டும். அது விளங்க, மின்கலத்திலிருந்து புறப்படும் வழி பல்புக்குள் நுழைந்து, வெளியேறி, மீண்டும் மின்கலத்துக்கே வந்து சேர வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், பல்புக்கு இரண்டு தொடுமுனைகள் உண்டு, ஒன்று அடிநுனி, மற்றது பக்கவாட்டு உலோகம் என்பதைக் கையால் தொட்டு அறிந்திருக்க வேண்டும். பல்பை ஒற்றை வட்டமாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்குக் கடைசியில் சொன்ன இதுதான் பெரிய தடை. சங்கிலியில் இருப்பவை இந்த நான்கு கண்ணிகள்தான்.

இப்போது பாடவேளைகளைப் பங்கிடலாம். பத்தாவது பாடவேளை, விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தி எழுதவைக்க. ஒன்பதாவது, இறுதிப் பணிக்கு. மீதி எட்டு.

முதல் பாடவேளையில் ஒரு மின்கலம், ஒரு பல்பு, ஒரே ஒரு கம்பித் துண்டு மட்டும் கொடுங்கள். எரியவைக்கச் சொல்லி, எரிந்த அமைப்புகளையும் எரியாத அமைப்புகளையும் வரையச் சொல்லுங்கள். பல்பைத் தாங்கியில் மாட்டிக் கொடுத்தால் இந்தப் பாடமே போய்விடும், ஏனென்றால் தாங்கி அந்த இரண்டு முனைகளையும் மறைத்துவிடுகிறது. இரண்டாவதில், சாவி சேர்த்த சுற்று. மூடிய பாதை என்ற கருத்தும் சின்னங்களும் அன்றைக்குத்தான். தாங்கள் அமைத்ததை வரைய ஒரு வழி தேவைப்படும்போது சின்னம் அறிமுகமானால் போதும், அதற்கெனத் தனிப் பாடவேளை வேண்டாம். இரண்டாம் நாள் முடிவில் எரியாத நான்கு சுற்றுப் படங்களைத் துண்டுத்தாளில் கொடுத்து, ஒவ்வொன்றும் ஏன் எரியாது என்று எழுதவையுங்கள்.

மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்றையும் ஒற்றைப் பாதைக்கே செலவிடுங்கள். அலகின் முதுகெலும்பு அதுதான். இரண்டு பல்புகளைத் தொடரில் மாட்டும் முன் எது கூடுதலாக எரியும் என்று ஊகம் எழுதவேண்டும், பிறகு பார்க்கவேண்டும். மின்கலத்தைத் திருப்பி மாட்டி மீண்டும் பார்க்கவேண்டும். ஒரே அம்மீட்டர்தான் இருந்தாலும் பரவாயில்லை. முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின் என்று மூன்று இடங்களிலும் வைத்து, ஒவ்வொரு முறையும் ஊகத்தை எழுதிய பிறகே முள்ளைக் காட்டுங்கள். ஐந்தாம் நாள் முடிவில் இன்னொரு துண்டுத்தாள். அதில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் இன்னும் "மிச்சம்" என்றே எழுதினால் ஆறாவதற்குப் போகாதீர்கள். அப்படி வரும் என்று எதிர்பார்த்தே எட்டாவதைக் காலியாக விடச் சொல்கிறேன். ஆறும் ஏழும் கிளைப் பாதைக்கு.

மின்கல வகைகளின் விளக்கப்படமும் மாதிரி வீடும் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியையும் தாங்கவில்லை. உங்கள் பதினான்கில் கூடுதலாக இருந்தவை பெரும்பாலும் இத்தகையவையாகத்தான் இருக்கும்.

கருவிப்பெட்டி

மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டு நேற்று இ பெட்டியைச் செய்து பார்த்தேன். யாரும் பிள்ளைகள் முன் முதல்முறையாகச் செய்துவிடாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2.5 வோல்ட் டார்ச் பல்புகளை இரண்டு மின்கலங்களோடு மாட்டினேன். முதல் பல்பு எரிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் எரிவதே பகல் வெளிச்சத்தில் தெரியவில்லை. மின்னோட்டம் இரண்டாகப் பிரிவதோடு, இழை சூடேறாததால் அவற்றின் மின்தடையும் குறைந்துவிடுகிறது, ஆகையால் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி முதல் பல்புக்கே போய்விடுகிறது. பிள்ளைகள் பார்த்தால் அவை கெட்டுப்போனவை என்றே முடிவு கட்டுவார்கள். மூன்று மின்கலங்கள் போட்டு, சன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தபோது நன்றாகத் தெரிந்தது. முதல் பல்பு தாங்கவேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்குகிறது என்பதால் தொடர்ந்து எரியவிடாமல் சாவி போட்டு வையுங்கள். ஆனால் அ, ஆ பெட்டிகளுக்கு இரண்டு மின்கலங்கள்தான். ஆ பெட்டிக்கு மூன்று போட்டால் ஒவ்வொரு பல்புக்கும் முழு 4.5 வோல்ட் போய் இழை அறுந்துவிடும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். கடையில் வாங்கும் பல்புகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் திருகு விளிம்பில் பொறித்திருக்கும் அளவுகள் வேறாக இருக்கலாம். 0.2 ஆம்பியர் பல்பையும் 0.3 ஆம்பியர் பல்பையும் தொடரில் மாட்டினால் 0.2 பல்புதான் பளிச்சென்று எரியும். அது தற்செயலாக நேர்முனைப் பக்கம் அமைந்துவிட்டால், "பார்த்தீர்களா டீச்சர், முதல் பல்பு எடுத்துக்கொண்டது" என்று பிள்ளைகள் கண்ணால் கண்ட சான்றோடு தவறான முடிவுக்கு வந்துவிடுவார்கள். முந்தின நாள் இரவே பல்புகளை இரண்டிரண்டாகத் தொடரில் மாட்டி, ஒத்த ஒளி தரும் இணைகளைத் தனித்தனி உறைகளில் போட்டு வையுங்கள். பக்க இணைப்புக்குப் புதிய மின்கலம் வேண்டும். தேய்ந்த மின்கலமாக இருந்தால் அதன் உள்மின்தடை மிகுந்து, இரண்டாவது கிளையைச் சேர்த்தவுடன் முதல் பல்பும் மங்கும், நீங்கள் காட்ட நினைத்ததற்கு நேர்மாறாகத் தெரியும்.

இப்போதெல்லாம் இழை பல்பு கேட்டால் எல்இடியைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அதை ஒரு திசையில் மாட்டினால்தான் எரியும், இரண்டைத் தொடரில் மாட்டினால் குறைந்த மின்னழுத்தத்தில் எரியவே எரியாது. இந்த அலகுக்கு அது ஆகாது.

கொற்றவை வீதி

நான் தமிழாசிரியை. மின்சுற்று எனக்குத் தூரம். ஆனால் மூன்று விடைகளை முதலில் எழுதிப் பார்ப்பது என்ற யோசனை என் புகார்க் கடித அலகை நினைவூட்டியது. அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்று வடிவத்தில் எல்லாரும் தேறிவிடுகிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிய கடிதத்தில் எந்தத் தெரு, எந்தக் கம்பம், எத்தனை நாளாக என்று ஒன்றும் இல்லை. கடிதத்தைப் படிக்கும் அலுவலர் ஆள் அனுப்ப என்ன தெரிய வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வந்தால், வடிவத்துக்கு ஒரு பாடவேளையே போதும் போலிருக்கிறது. எனக்கு ஓர் ஐயம். இறுதிப் பணியைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லலாமா? கடிதத்தில் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று படுகிறது. நீங்களோ இ பெட்டியைக் காட்டவே கூடாது என்கிறீர்கள்.

பயிற்றுநர்

எதைக் கொண்டு மதிப்பிடுவோம் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. "மூடிய பெட்டி வரும், உள்ளிருப்பதைக் கண்டுபிடித்துச் சான்றோடு விளக்க வேண்டும்" என்று முதல் நாளே சொல்லலாம். எந்தப் பெட்டி என்பதை மட்டும் மறைத்து வையுங்கள். உங்கள் கடிதத்திலும் அப்படியே. நல்ல கடிதத்தின் அடையாளங்களைப் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும், எந்தப் புகார் என்பது அன்று தெரிந்தால் போதும்.

தேர்வறை

பயிற்றுநர் ஐயாவின் வாதத்தில் வலு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடத்திகள், காப்பான்கள், மின் உருகி, மின்கல வகைகள் எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. அவற்றில் பாதி உங்கள் சங்கிலியில் இல்லை. தொகுத்தறித் தேர்வில் "மின் உருகி என்றால் என்ன" என்று கேட்டால் என் பிள்ளை விழிக்கக்கூடாது. மதிப்பெண் குறைந்தால் பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியர்தான், பயிற்றுநர் வரமாட்டார்.

பயிற்றுநர்

நியாயமான கேள்வி. சிலவற்றைச் சங்கிலிக்குள்ளேயே கொண்டுவரலாம். இரண்டாம் நாள் சாவியின் இடத்தில் நூல், ஆணி, பென்சில் முனை, ரப்பர் என்று வைத்துப் பார்த்தால் கடத்தியும் காப்பானும் அங்கேயே முடிந்துவிடும். மின் உருகிக்கும் மின்கல வகைகளுக்கும் அப்படி இயல்பான இடம் இல்லை. வீட்டில் படித்துவரச் சொல்லி, பாடவேளைத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை, அந்த வழியில் அவை மேலோட்டமாகத்தான் போய்ச் சேரும். இறுதிப் பணி ஆழமாகும்போது அகலம் குறைகிறது. எதைக் குறைத்தோம் என்று தெரிந்தே குறைக்கிறோம், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

தேர்வறை

அந்த ஐந்து நிமிடம் போதாது என்பதே இப்போதும் என் கருத்து. எட்டாவது பாடவேளையை உருகிக்கும் மின்கலத்துக்கும் கொடுத்துவிடுவேன். ஆனால் ஆணி, ரப்பர் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நான் இதுவரை ஒரு முழுப் பாடவேளை கொடுத்துவந்தேன்.

கரும்பலகை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். அலகு முடிந்துவிட்டது.

முதல் நாள், ஒரே கம்பியை வைத்துப் பல்பை எரியவைக்க ஒரு குழுவுக்கு இருபது நிமிடம் ஆனது. குறுக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரத்தது, ஆனாலும் சொல்லவில்லை. பல்பை மின்கலத்தின் குமிழ்மேல் நிமிர்த்தி வைத்து, கம்பியின் ஒரு நுனியை மின்கலத்தின் அடியில் அழுத்திக்கொண்டு, மறுநுனியால் பல்பின் கழுத்தைத் தொட்டதும் எரிந்தது. "கழுத்திலேயும் ஒரு வாசல் இருக்கு" என்றான் ஒரு பையன். அலகு முடியும்வரை வகுப்பில் அடி வாசல், கழுத்து வாசல் என்றே பேசினோம்.

ஐந்தாம் நாள் துண்டுத்தாளில் 34 பேரில் 15 பேர் "மிச்சம்" என்றே எழுதியிருந்தார்கள். நீங்கள் சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டதால் நிறுத்தினேன். விசாரித்தபோது, கடைசிப் பெஞ்சுக்கு அம்மீட்டரின் முள் தெரியவே இல்லை என்பதும், பலர் அருகிலிருப்பவரின் ஊகத்தைப் பார்த்து எழுதியதும் தெரிந்தன. மறுநாள் ஐந்து ஐந்து பேராக மேசையருகில் அழைத்து, அளவை அவர்களையே படிக்கச் சொன்னேன். அதற்கே ஒரு முழுப் பாடவேளை ஆனது. அதற்குப் பின் எடுத்த துண்டுத்தாளில் 5 பேர்தான் மிச்சம் என்றார்கள். எட்டாவது பாடவேளை அப்படித் தீர்ந்துவிட்டதால், மின் உருகி வீட்டுப் படிப்பாகத்தான் போனது. தேர்வறை ஐயா கவலைப்பட்டது அந்த வகையில் நடந்தது.

இறுதிப் பணியில் அ, ஆ பெட்டிகளை ஏறக்குறைய எல்லாரும் சரியாக வரைந்தார்கள். இ பெட்டியைச் சரியாக வரைந்தவர்கள் 19 பேர். எனக்கு இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. ஒரு மாணவி இ பெட்டியின் மூன்று பல்புகளையும் ஒரே வரிசையில் வரைந்துவிட்டாள். ஆனால் எழுத்தில், "முதல் பல்பு வழியாகத்தான் எல்லாம் போகிறது, அதனால் அதைக் கழற்றினால் எல்லாம் நிற்கிறது. மற்ற இரண்டும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்கின்றன" என்று எழுதியிருக்கிறாள். மின்னோட்டம் பிரிவது அவளுக்குத் தெரிகிறது, அதைப் படமாக வரையத்தான் வரவில்லை. என் அளவுகோலில் படத்துக்கு 4, விளக்கத்துக்கு 4, அம்மீட்டர் வினாவுக்கு 2. படத்துக்கு அவளுக்கு என்ன கொடுப்பது?

பயிற்றுநர்

பத்தாவது பாடவேளையில் அவளிடம் கம்பிகளைக் கொடுத்து, அவள் எழுதியதைக் கையால் அமைக்கச் சொன்னீர்களா? சரியாக அமைத்துவிட்டால், தடை படம் வரைவதில் மட்டும்தான் என்று தெரியும். எனக்கென்றால் விளக்கத்துக்கு முழுதாக 4, படத்துக்கு 1.

கருவிப்பெட்டி

நான் படத்துக்கு ஒன்றும் தரமாட்டேன். மூன்றையும் ஒரே வரிசையில் வரைந்தால் அது வேறு சுற்று. அந்தப் படத்தை வைத்து இன்னொருவர் அமைத்தால், எந்தப் பல்பைக் கழற்றினாலும் எல்லாம் அணைந்துவிடும்.

கரும்பலகை

கையால் அமைக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, ஐயா. அவளுக்குப் பத்தாவது நாள் படத்தைத் திருத்தும் வேலைதான் கொடுத்தேன். யோசிக்காமல் என் தாளிலிருந்து அப்படியே எடுத்து வரைந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கம்பியும் மூன்று பல்பும் அவளிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.